சம்பளத் திருத்தம் கேட்டு மேலாளருக்கு மெயில்: என் கணக்கு நிற்குமா?

வெண்பா — ஜனவரி 12, இரவு 9:40

சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் விடுவிக்கும் பிரிவில் இது எனக்கு ஐந்தாவது வருடம். போன ஜனவரியிலிருந்து ஹோல்டு வேலை முழுக்க என் கையில். பில், பர்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுப் பதிவு மூன்றும் ஒத்துப் போகாவிட்டால் சிஸ்டம் பில்லை ஹோல்டில் போட்டுவிடும். ஏன் நிற்கிறது என்று தேடி விடுவிப்பதுதான் என் வேலை. மாதம் சுமார் 1,500 பில் வரும்.

வருடம் முழுக்க என்ன செய்தேன் என்று எண்ணோடு எழுதி, சம்பளத்தைத் திருத்தித் தரும்படி என் மேலாளருக்கு ஒரு மெயில் தயார் செய்திருக்கிறேன். முக்கியமான வரிகள் இவை:

"மேடம், வணக்கம். கடந்த ஆண்டில் ஹோல்டு விகிதத்தை 24 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்துள்ளேன். இதனால் மாதம் 112 மணி நேரம் மிச்சமாகியுள்ளது. இரட்டைப் பில்கள் 11 கண்டுபிடித்தேன்…"

இப்படி மொத்தம் 14 விஷயங்கள். கடைசியில் "எனவே தகுந்த ஊதிய உயர்வு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருக்கிறேன்.

ஏப்ரலில் உயர்வுக் கடிதம் வரும். அதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று இருக்கிறேன். இதில் ஏதாவது குறை தெரிகிறதா? மூன்று வருடமாக எல்லோருக்கும் கிடைப்பதே எனக்கும் கிடைக்கிறது. இந்த முறை வாய்மூடி இருக்க முடியவில்லை.

மழைக்காகம் — ஜனவரி 12, இரவு 10:15

அக்கா, இவ்ளோ கணக்கெல்லாம் வேண்டாம். வெளியில ஒரு ஆஃபர் வாங்கிட்டு வந்து மேசையில வைங்க. என் ஃப்ரெண்டு அப்படித்தான் வாங்கினான், ஒரே வாரத்துல திருத்திக் குடுத்தாங்க. ஒரு வருஷ உழைப்பை எழுதிக் காட்டினா "ரொம்ப சந்தோஷம்"னு பதில் வரும், அவ்ளோதான்.

முன்னாள் மேலாளர் — ஜனவரி 13, காலை 6:50

வெண்பா, இருபது வருடம் இந்த மெயில்களை வாங்கிப் படித்தவன் என்ற முறையில் முதலில் தேதியைச் சொல்கிறேன். ஏப்ரல் கடிதத்தைப் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். கடிதம் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். உங்கள் மேலாளர் தன் பிரிவுக்கான பரிந்துரைகளை அதற்குப் பல வாரம் முன்பே மேலே கொடுத்திருப்பார். பிரிவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை ஒதுக்கியிருப்பார்கள். அது ஆட்களுக்குப் பிரிந்த பிறகு உங்களுக்கு ஒரு சதவீதம் கூட்ட வேண்டும் என்றாலும் இன்னொருவரிடமிருந்து பிடுங்க வேண்டும், அல்லது மேலிடத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். எந்த மேலாளரும் அதற்கு எளிதில் இறங்க மாட்டார். பரிந்துரை போகும் தேதியை நேரடியாகக் கேளுங்கள், மேலாளரே சொல்லுவார். அதற்கு ஒரு மாதம் முன்பு மெயில் அவர் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, இது யார் படிக்கும் மெயில்? மேலாளர் மட்டும்தான் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உழைப்பு அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் இந்த மெயிலை வைத்துக்கொண்டு நீங்கள் இல்லாத ஓர் அறையில், மற்றப் பிரிவு மேலாளர்கள் நடுவே உங்களுக்காகப் பேச வேண்டும். அங்கே ஒருவர் "24 எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். அதற்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும்.

அதனால் நானும் கேட்கிறேன்: 24 எங்கிருந்து வந்தது?

வெண்பா — ஜனவரி 13, மதியம் 1:20

போன வருட ஜனவரி மாதத்து எண் ஐயா. 6 என்பது டிசம்பர். நான் பொறுப்பெடுத்த மாதத்தையும் கடைசி மாதத்தையும் எடுத்துக்கொண்டேன். வித்தியாசம் 18. 1,500 பில்லில் 270 ஆகிறது. ஒன்றுக்கு 25 நிமிடம் என்று வைத்து 112 மணி நேரம் வந்தது.

முன்னாள் மேலாளர் — ஜனவரி 13, இரவு 8:05

ஜனவரியில் ஆண்டு முடிவுக் குவியல் இருந்திருக்குமே? எல்லா சப்ளையரும் டிசம்பர் கடைசியில் பில்லைத் தள்ளுவார்கள், கிடங்கில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள். இருப்பதிலேயே மோசமான மாதத்தைத் தொடக்கமாகவும் நல்ல மாதத்தை முடிவாகவும் எடுத்தால் யார் செய்தாலும் குறைந்துதான் காட்டும். ஒரே காலாண்டை ஒரே காலாண்டோடு ஒப்பிடுங்கள்.

25 நிமிடம் என்பது அளந்ததா, குத்துமதிப்பா?

இரவுப்பணி — ஜனவரி 13, இரவு 11:50

எனக்கும் இதே பிரச்சினைதான். எட்டு மாசமா நைட் ஷிஃப்ட் பார்க்கறேன், அலவன்ஸ் மூணு மாசமா சம்பளத்துல ஏறல. மேலாளருக்கு இப்படி நீளமா மெயில் போட்டா கிடைக்குமா? நான் போன வருஷம் ஒரு நாள்கூட லீவு போடல, அதையும் எழுதலாமா?

முன்னாள் மேலாளர் — ஜனவரி 14, காலை 7:10

இரவுப்பணி தம்பி, உங்களுடையது வேறு விஷயம். ஒப்புக்கொண்ட அலவன்ஸ் ஏறாமல் போனது சம்பளப் பட்டியலில் நடந்த பிழை. அதற்கு உழைப்பைச் சொல்லிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எந்தெந்த நாள் இரவு வேலை, எந்தெந்த மாதம் வரவில்லை என்று நாலு வரி எழுதிச் சம்பளப் பிரிவுக்கு அனுப்புங்கள், மேலாளருக்கு நகல் போதும். லீவு எடுக்காததை அதில் சேர்த்தால், வர வேண்டிய பாக்கி தயவு கேட்பது மாதிரி ஆகிவிடும்.

வெண்பா — ஜனவரி 16, இரவு 10:30

இரண்டு நாள் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முந்தைய வருடம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரி ஹோல்டு 17 சதவீதம். போன வருடம் அதே மூன்று மாதம் 8 சதவீதம். 1,500 பில்லுக்கு 255 இருந்தது 120 ஆகியிருக்கிறது. மாதம் 135 குறைவு.

நேரம் குத்துமதிப்புதான். அதனால் நேற்றும் இன்றும் வந்த 40 ஹோல்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்த நேரமும் விடுவித்த நேரமும் குறித்தேன். கிடங்கிலிருந்து பதிலுக்குக் காத்திருந்த நேரத்தைச் சேர்க்கவில்லை, கை வேலை செய்த நேரம் மட்டும். சராசரி 20 நிமிடம் வந்தது. அப்படியானால் மாதம் 45 மணி நேரம்.

112 என்று எழுதியதை அப்படியே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. பொய் சொல்லும் எண்ணம் கொஞ்சமும் இல்லை. கண்ணில் பட்ட இரண்டு எண்களைக் கழித்தேன், அவ்வளவுதான்.

தணிக்கைக்காரி — ஜனவரி 17, காலை 9:25

நான் இன்டர்னல் ஆடிட்ல இருக்கேன். ஹோல்டு குறைஞ்சுதுன்னு யார் சொன்னாலும் நாங்க முதல்ல பார்க்கறது டாலரன்ஸ். விலையில 1 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தா விடுன்னு இருந்ததை 2 ஆக்கினா, யாரும் ஒரு வேலையும் செய்யாமலே ஹோல்டு குறையும். போன வருஷம் உங்க சிஸ்டத்துல அது மாறிச்சா? அப்புறம் சப்ளையர் போர்ட்டல் மாதிரி ஏதாவது புதுசா வந்துதா? அதை ஐடி டீம் தங்கள் சாதனைப் பட்டியல்ல ஏற்கெனவே எழுதியிருப்பாங்க, அந்த அறையில அவங்க மேலாளரும் இருப்பார்.

வெண்பா — ஜனவரி 17, இரவு 11:10

அக்கா, இரண்டுமே நடந்திருக்கிறது. டாலரன்ஸ் மார்ச்சில் 1-லிருந்து 2 ஆனது, கன்ட்ரோலர் முடிவு. போர்ட்டல் ஜூலையில் வந்தது. சப்ளையர் அதில் பி.ஓ. நம்பர் போடாமல் பில்லை ஏற்றவே முடியாது.

இன்று தூக்கம் வராது போலிருக்கிறது. நாளை பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

மழைக்காகம் — ஜனவரி 18, காலை 8:00

பாருங்க, உங்க சாதனையை நீங்களே வெட்டிக்கிட்டே போறீங்க. எதிர்ல இருக்கறவங்க வெட்டட்டுமே! நாம பெருசா சொன்னாத்தான் பேரம் பேசி நடுவுல வந்து நிக்கும்.

முன்னாள் மேலாளர் — ஜனவரி 18, காலை 10:40

மழைக்காகம் சொல்வது தொகைக்குச் சரி. கேட்கும் சதவீதத்தில் கொஞ்சம் இடம் விட்டுக் கேட்கலாம், எல்லோரும் கேட்பதுதான். செய்த வேலையின் எண்ணுக்கு அது பொருந்தாது. 14 விஷயத்தில் ஒன்று உடைந்தாலும் மீதி 13-ஐ யாரும் கேட்க மாட்டார்கள். என் ஆளுக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கே இது நடந்திருக்கிறது. அவர் கொடுத்திருந்த ஓர் எண் இன்னொரு பிரிவின் எண்ணோடு மோதியது. அன்றைக்கு மேற்கொண்டு என்னால் வாய் திறக்க முடியவில்லை. அந்தப் பையன் உண்மையிலேயே நன்றாக வேலை செய்தவன். இன்றும் அது உறுத்துகிறது.

ஆஃபர் விஷயம்: போகத் தயாராக இருந்தால் மட்டும் காட்டுங்கள். ஆளைத் தக்கவைக்கத் தனியாகப் பணம் வைத்திருக்கும் இடங்கள் உண்டு, அதனால்தான் உங்கள் நண்பருக்கு ஒரே வாரத்தில் கிடைத்தது. "சரி, போய் வாருங்கள்" என்று சொன்ன இடங்களும் நான் பார்த்திருக்கிறேன்.

வெண்பா — ஜனவரி 19, இரவு 9:00

பிரித்துவிட்டேன்.

ஹோல்டு ஏன் வருகிறது என்று போன பிப்ரவரியில் ஒரு மாதத்து ஹோல்டுகளை எடுத்து வகைப்படுத்தியிருந்தேன். பாதிக்கு மேல் ஒரே காரணம்: சரக்கு வந்து இறங்கிவிட்டது, ஆனால் வரவுப் பதிவு போடவில்லை. கிடங்கில் பகலில் சரக்கு இறக்கி மாலையில்தான் மொத்தமாகப் பதிவு செய்வார்கள். சில நாள் மறுநாளைக்குப் போகும். பில் அதற்கு முன்பே வந்து நின்றுவிடும். நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். தினமும் காலை 11 மணிக்கு, பதிவுக்காகக் காத்திருக்கும் பில்களின் பட்டியலைக் கிடங்கு மேற்பார்வையாளருக்கு அனுப்ப ஆரம்பித்தேன். பழைய பாக்கி மேலே, புதியது கீழே. அவர்களும் அந்த வரிசையில் மதியத்துக்குள் பதிவு போட ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை, நேரில் போய் நின்று பேசினேன்.

போர்ட்டல் வருவதற்கு முந்தைய மே, ஜூன் சராசரி 12 சதவீதம், அதாவது 180 ஹோல்டு. ஆக 255-லிருந்து 180 வரை போர்ட்டலுக்கு முன்பே இறங்கிவிட்டது. 75 குறைவு. அதில் டாலரன்ஸ் பங்கு எவ்வளவு என்று பார்க்க, மே, ஜூனில் விலை வித்தியாசம் 1-க்கு மேல் 2-க்குள் இருந்து தானாகப் போன பில்களை எடுத்தேன். மாதம் சுமார் 15. அதைக் கழித்தால் 60.

180-லிருந்து 120 வரை இறங்கிய 60 போர்ட்டல் வந்த பிறகு நடந்தது. அதிலும் எனக்கு வேலை இருந்தது, திறந்திருந்த பி.ஓ. பட்டியலைச் சுத்தம் செய்து கொடுத்தேன். ஆனால் இது என்னுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆக என்னுடையது என்று சொல்லக்கூடியது மாதம் 60 ஹோல்டு, 20 மணி நேரம். 112-ல் தொடங்கி 20-க்கு வந்திருக்கிறேன். இதை எழுதும்போது கொஞ்சம் அழுகையே வந்தது.

தணிக்கைக்காரி — ஜனவரி 20, காலை 9:05

வெண்பா, அழாதீங்கம்மா. 60-ன்னு நீங்க பிரிச்சுக் காட்டியிருக்கற விதம் எங்க டீம்லயே நிறைய பேருக்கு வராது. ஒரு சின்னத் திருத்தம்: 17-லிருந்து 12-ன்னா "5 சதவீதம் குறைத்தேன்"னு எழுதாதீங்க. 17-ல 5 சதவீதம்னா ஒண்ணுகூட இல்லை. 5 சதவீதப் புள்ளின்னு எழுதணும், இல்லைன்னா 255-லிருந்து 180-ன்னு எண்ணிக்கையாவே எழுதுங்க. எண்ணிக்கையில யாரும் குழம்ப மாட்டாங்க.

அந்த 11 இரட்டைப் பில்லுல எத்தனைக்குப் பணம் போயிருந்தது?

வெண்பா — ஜனவரி 20, மதியம் 2:15

நான்குக்குப் போயிருந்தது அக்கா. சப்ளையர் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அடுத்த பேமென்ட்டில் கழித்து மீட்டோம். ஏழு, பணம் போவதற்கு முன்பே நின்றுவிட்டது.

தணிக்கைக்காரி — ஜனவரி 20, மாலை 5:40

அப்போ ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. மீட்ட நாலு கையில வந்த காசு, பேங்க்ல தெரியும். நிறுத்தின ஏழு, பின்னாடி வேற யாராவது பிடிச்சிருக்கவும் கூடும்னு சொல்ல இடம் இருக்கு. கூட்டி ஒரே தொகையா போட்டா நல்ல காசும் சந்தேகக் காசோட சேர்ந்துடும்.

சிஸ்டம் ஏன் பிடிக்கலை?

வெண்பா — ஜனவரி 20, இரவு 8:30

சிஸ்டம் பில் நம்பரை எழுத்துக்கு எழுத்து பார்க்கிறது. முதல் தடவை `INV-0457` என்று பதிவாகியிருக்கும், சப்ளையர் மறுபடி அனுப்பும்போது வேறொருவர் `INV 0457` என்று அடித்திருப்பார். இரண்டும் வேறு பில் என்று நினைத்துக்கொள்ளும். நான் வாராவாரம் பட்டியலை எக்செலில் இறக்கி, கோடும் இடைவெளியும் எடுத்த நம்பரை ஒரு பத்தியில் வைத்துக்கொள்கிறேன்:

```
=UPPER(SUBSTITUTE(SUBSTITUTE(B2,"-","")," ",""))
```

பிறகு அதே சப்ளையர், அதே தொகை, அதே சுத்தம் செய்த நம்பர் இரண்டு தடவை வந்தால் கையால் பார்ப்பேன்.

தணிக்கைக்காரி — ஜனவரி 20, இரவு 9:15

நல்லாருக்கு. சாய்கோடு, புள்ளி போட்டு எழுதற சப்ளையர்களும் இருக்காங்க, அதையும் எடுத்துடுங்க. நடுவுல வர்ற பூஜ்யத்தை விட்டுட்டு அடிச்சா இதுல சிக்காது. தொகையும் தேதியும் மட்டும் வச்சு இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க.

வெண்பா — ஜனவரி 21, இரவு 10:00

ஓட்டினேன். இன்னொன்று கிடைத்தது! பணம் போகவில்லை. ஆனால் இது இந்த வருடக் கணக்கு, மெயிலில் சேர்க்கவில்லை.

இப்போது தொகை. "தகுந்த உயர்வு" என்று எழுதியதை எடுக்கச் சொல்லித் தனிச் செய்தியில் முன்னாள் மேலாளர் ஐயா சொன்னார். எவ்வளவு என்று எழுதாவிட்டால், மேலாளர் தரக்கூடியது எதுவோ அதுவே தகுந்தது ஆகிவிடும் என்றார். எண்ணை எங்கிருந்து எடுப்பது என்றுதான் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் என்னைவிட அதிகம் வாங்குகிறார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லலாமா?

முன்னாள் மேலாளர் — ஜனவரி 22, காலை 6:45

பக்கத்து இருக்கையை விட்டுவிடுங்கள். அவர் பெயர் வந்ததும் பேச்சு அவரைப் பற்றிப் போய்விடும்.

மனிதவளத்திடம் உங்கள் கிரேடுக்கான சம்பள வரம்பின் நடுப்புள்ளியைக் கேளுங்கள். எல்லா இடத்திலும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கேட்பதில் தவறில்லை. உங்கள் சம்பளத்தை அந்த நடுப்புள்ளியால் வகுத்து நூறால் பெருக்கினால் நீங்கள் வரம்பில் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். உயர்வு தீர்மானிக்கும் பல இடங்களில் பார்ப்பது இரண்டு: வேலைக்குக் கிடைத்த மதிப்பீடு, வரம்பில் நிற்கும் இடம். நன்றாக வேலை செய்து நடுப்புள்ளிக்குக் கீழே இருப்பவருக்கு அதிகம் கொடுப்பது எளிது, மேலே இருப்பவருக்குக் கொடுப்பது கடினம்.

இன்னொன்று. ஜூனிலிருந்து புதிய இருவருக்கு வேலை ஒதுக்கிச் சரிபார்ப்பதாக 9-வது விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். அது சாதனைப் பட்டியலில் சேர வேண்டியதில்லை. வேலையின் அளவே மாறிவிட்டது என்பதற்கான ஆதாரம் அது. கிரேடை மறுபடி பார்க்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டியது. பெரும்பாலும் அதற்கான பணமும் பிரிவின் ஆண்டு உயர்வுத் தொகையிலிருந்து வருவதில்லை. ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

வெண்பா — ஜனவரி 24, மாலை 6:20

மனிதவளத்தில் சொன்னார்கள். நான் நடுப்புள்ளியில் 86 சதவீதத்தில் இருக்கிறேன். ஐந்து வருடம் கழித்து 86. இது எனக்கு இத்தனை நாள் தெரியவே தெரியாது, யாரும் மறைக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

12 சதவீதம் கேட்கப் போகிறேன். கிடைத்தால் 96-க்கு வருவேன். பரிந்துரை பிப்ரவரி கடைசி வாரத்தில் போகிறது என்று மேடம் சொன்னார். மெயிலை இப்படி மாற்றியிருக்கிறேன்:

> பொருள்: சம்பளத் திருத்தக் கோரிக்கை – கடந்த ஆண்டுப் பணி விவரம்
>
> வணக்கம் மேடம்,
>
> இந்த ஆண்டுப் பரிந்துரையில் என் சம்பளத்தை 12 சதவீதம் உயர்த்தக் கேட்டுக்கொள்கிறேன். தற்போது என் கிரேடின் நடுப்புள்ளியில் 86 சதவீதத்தில் இருக்கிறேன். இந்த உயர்வு அதை 96-க்குக் கொண்டுவரும். இதற்கு அடிப்படையாக மூன்று விஷயங்களைக் குறிப்பிடுகிறேன்.
>
> ஒன்று, ஹோல்டு. முந்தைய ஆண்டின் கடைசிக் காலாண்டில் மாதம் 255 ஆக இருந்தது, கடந்த ஆண்டின் அதே காலாண்டில் 120. இந்த 135-ல் 60, கிடங்குக்கு நான் தினமும் அனுப்பும் 11 மணிப் பட்டியலால் குறைந்தது. 15 டாலரன்ஸ் மாற்றத்தால். மீதி 60 போர்ட்டல் வந்த பிறகு குறைந்தது, அதற்கான பி.ஓ. பட்டியலைச் சுத்தம் செய்யும் வேலையை நான் செய்தேன். என் பங்கான 60-ல் மாதம் சுமார் 20 மணி நேரம் மிச்சமாகிறது. 40 ஹோல்டுகளை நேரம் குறித்துப் பார்த்து எடுத்த கணக்கு.
>
> இரண்டு, இரட்டைப் பில். பணம் போன 4 பில்களின் தொகை முழுவதும் மீட்கப்பட்டது. மேலும் 7 பில்கள் பணம் போகும் முன் நிறுத்தப்பட்டன. விவரம் இணைப்பில்.
>
> மூன்று, காலாண்டு முடிவுக்கு இரண்டு வாரம் தற்காலிக ஆள் எடுக்கும் வழக்கம், செப்டம்பரிலும் டிசம்பரிலும் தேவைப்படவில்லை. இது பிரிவு முழுவதின் பலன். ஹோல்டு குறைந்தது அதற்கு ஒரு காரணம்.
>
> ஜூன் முதல் இருவரின் வேலையை ஒதுக்கிச் சரிபார்த்து வருகிறேன். என் கிரேடு இதற்குப் பொருந்துகிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டுகிறேன். அந்தக் கோரிக்கையை இந்த உயர்வோடு சேர்க்கவில்லை.
>
> அடுத்த வாரம் அரை மணி நேரம் ஒதுக்கினால் நேரில் விளக்குகிறேன்.

மீதி விஷயங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். இணைப்பு ஒரே பக்கம், மாத வாரியான எண்ணிக்கை. சப்ளையர் பெயர்கள் அதில் இல்லை, உள் எண்கள் மட்டும்.

மழைக்காகம் — ஜனவரி 24, இரவு 7:00

"இது பிரிவு முழுவதின் பலன்"னு எழுதணுமா? அதுதானே காசா தெரியற விஷயம்!

வெண்பா — ஜனவரி 24, இரவு 7:30

தற்காலிக ஆள் வேண்டாம் என்று முடிவெடுத்ததே மேடம்தான் தம்பி. அவருடைய முடிவை அவருக்கே என்னுடையது என்று எழுதி அனுப்ப முடியாது.

இரவுப்பணி — ஜனவரி 31, இரவு 11:20

அலவன்ஸ் வந்துடுச்சு, மூணு மாசத்துக்கும் சேர்த்து. நாலு வரிதான் எழுதினேன். முன்னாள் மேலாளர் ஐயாவுக்கு நன்றி.

வெண்பா — பிப்ரவரி 5, இரவு 9:45

28-ம் தேதி அனுப்பினேன், இன்று பேசினோம். மேடம் மெயிலை அச்செடுத்து வைத்திருந்தார். ஹோல்டுப் பத்தியில் 15-க்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். "டாலரன்ஸைப் பற்றி நான் கேட்கலாம் என்று இருந்தேன், நீயே எழுதிவிட்டாய்" என்றார். பிறகு நேரம் எப்படி அளந்தேன் என்று கேட்டார். 40 வரித் தாளைக் காட்டினேன்.

12 முழுதாக வராது, பிரிவுக்கு ஒதுக்கியது குறைவு என்று சொன்னார். எவ்வளவு வரும் என்று சொல்லவில்லை. கிரேடு விஷயத்தை மனிதவளத்துக்குத் தனி மெயிலாக அனுப்புவதாகச் சொன்னார்.

அவர் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை: "மிச்சமான 20 மணி நேரத்தில் என்ன செய்தாய்?" வாராவார இரட்டைப் பில் தேடலும் புதிய இருவரைச் சரிபார்ப்பதும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. வெளியே வந்த பிறகுதான் அது தோன்றியது. உடனே இரண்டு வரி எழுதி அதே மெயிலில் பதிலாக அனுப்பினேன்.

முன்னாள் மேலாளர் — பிப்ரவரி 6, காலை 7:00

அந்தக் கேள்வியை நான் முன்பே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

வெண்பா — ஏப்ரல் 9, இரவு 8:15

கடிதம் வந்தது. 8 சதவீதம். பிரிவில் மற்றவர்களுக்கு 4 முதல் 5 வரை என்று பேசிக்கொள்கிறார்கள்.

மழைக்காகம் — ஏப்ரல் 9, இரவு 8:40

அக்கா சூப்பர்! அப்போ 93-க்கு வந்துட்டீங்களா?

வெண்பா — ஏப்ரல் 11, இரவு 10:10

நானும் அப்படித்தான் நினைத்தேன் தம்பி. இன்று மனிதவளத்தில் கேட்டபோது, இந்த வருடம் சம்பள வரம்பையே 3 சதவீதம் உயர்த்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நடுப்புள்ளியும் சேர்ந்து நகர்ந்துவிட்டது. 86-ஐ 1.08-ஆல் பெருக்கி 1.03-ஆல் வகுத்தால் 90 தான். 12 கேட்டபோது இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

கிரேடு மறுபரிசீலனைக்கு மனிதவளம் ஜூலை என்று சொல்லியிருக்கிறது. இருவரின் வேலையைச் சரிபார்ப்பதற்கு மாதம் எவ்வளவு நேரம் போகிறது, அவர்கள் பிழை எத்தனை நான் பிடிக்கிறேன் என்று ஏப்ரல் 1 முதல் ஒரு தாளில் குறித்து வருகிறேன். தணிக்கைக்காரி அக்கா, இதில் பிழை குறையக் குறைய என் பங்கு குறைந்த மாதிரி தெரியுமே, இதை எப்படிக் காட்டுவது?

தணிக்கைக்காரி — ஏப்ரல் 12, காலை 9:30

எனக்கும் சட்டுன்னு பதில் தெரியலை. நீங்க பிடிக்கறதைவிட உங்களைத் தாண்டிப் போறது எத்தனைன்னு எண்ணுங்க. அடுத்த கட்டத்துல திரும்பி வர்ற பில்லு எத்தனைன்னு உங்க பேமென்ட் டீம்ல கேட்டுப் பாருங்க, அவங்ககிட்ட இருக்கும்.

வெண்பா — ஏப்ரல் 14, மாலை 6:05

கேட்டேன். மார்ச்சில் 9 திரும்பி வந்திருக்கிறது. போன ஜூனுக்கு முந்தைய மாதங்களுக்கு அவர்கள் எண்ணி வைக்கவில்லை. பழைய மெயில்களில் தேடிப் பார்க்கிறேன்.